மூன்று எம்.எம். பெயர்

எந்த எழுத்தைப் பார்த்தாலும் அது எங்கே ஒடியும் என்று தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் படிப்பதற்கு முன்னால் மணமகள் பெயரில் இருக்கும் கொம்பைப் பார்ப்பேன். அது மெலிசாக இருந்தால் மனசு கொஞ்சம் கெட்டுப்போகும். பத்திரிகைக் காகிதத்தில் எழுத்து ஒடியாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்.

நான் வேலை செய்வது திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். கடையில் ஒரு லேசர் மெஷின், ஒரு எம்பிராய்டரி மெஷின், ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நான். புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறேன். ஒன்பதாவதில் கணக்கு வராமல் பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது காலை பத்து மணி முதல் சாயங்காலம் வரை மில்லிமீட்டரில்தான் குடும்பம் நடத்துகிறேன்.

வருகிறவர்களுக்கு எழுத்து என்றால் அழகு. எங்களுக்கு அது ஒரு பொருள். டாக்டர் கோட்டில் பெயர் தைக்க வேண்டுமானால் கோடு ஒரு எம்.எம். அகலமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் குத்திக் குத்தித் துணியையே தின்றுவிடும். டவல் என்றால் அதுவும் போதாது. ஒரு லாட்ஜ்காரர் கேட்டார் என்று கொடி மாதிரி ஓடும் மெலிசான எழுத்தில் ஐம்பது டவல் தைத்தோம். முதல் துவையலில் டவலின் மேலிருக்கும் சுருள் நூல் எழுந்து நின்று லாட்ஜின் பெயரை மூடிவிட்டது. லாட்ஜ்காரர் வந்து, பெயரைத் தடவிப் பார்த்துத் தேட வேண்டியிருக்கிறது என்றார். அன்றிலிருந்து டவலுக்குத் தடிமனான எழுத்து மட்டும்தான், அதன்மேல் தண்ணீரில் கரையும் பேப்பரும் வைத்துத் தைக்கிறோம்.

அக்ரிலிக் ஷீட்டில் எழுத்தை வெட்டி எடுப்பது இன்னொரு கதை. ஷீட் மூன்று எம்.எம். கனம் என்றால், எழுத்தின் எந்த இடமும் மூன்று எம்.எம்.முக்குக் குறையக் கூடாது. ரொம்பக் கெஞ்சினால் இரண்டு. மெஷின் எதை வேண்டுமானாலும் வெட்டும். வெட்டியதைக் கையில் எடுக்கும்போதுதான் பிரச்சினை.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த சிஸ்டர் விஷயத்தில் தப்புப் பண்ணினேன்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். நர்ஸாக இருந்து ரிடையரானவர், அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அவருடைய ரிடையர்மெண்ட் விழா அழைப்பிதழ். அதில் அவர் பெயர் அச்சாகியிருந்த அந்த எழுத்திலேயே, தங்கக் கலர் கண்ணாடி அக்ரிலிக்கில், கறுப்புப் பலகைமேல் ஒட்டி, வாசலுக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்றார். பலகை பதினெட்டு அங்குலம். வாசல் தூணில் அதற்கென்று மேஸ்திரி விட்டிருக்கும் பள்ளம் அவ்வளவுதான். சித்தூரில் இரண்டு கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். பயந்த சுபாவம் உள்ள ஒருத்தி அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்க வேண்டும். நான் அட்டையை ஸ்கேன் செய்து, அதே எழுத்தை எங்களிடம் இருக்கும் ஃபாண்டுகளில் தேடிப் பிடித்தேன்.

பலகைக்கு ஏற்ற அளவில் பெயரை அடித்துப் பார்த்தேன். மேலே இருந்து இறங்கும் கோடு நாலு எம்.எம். இருந்தது, அது நல்ல கோடு. படுத்துக்கொண்டு போகிற கோடு முக்கால், ஒன்று. வளைவு முடிகிற நுனி தலைமுடி. அவர் பெயரில் ஒரு ‘ஞ’ வேறு வந்தது. இது நிற்காது சிஸ்டர், கொஞ்சம் தடியான எழுத்தாகப் பாருங்கள் என்று பத்துப் பதினைந்து ஃபாண்டில் அவர் பெயரைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தார்.

“தடி எழுத்து வேணாம்மா,” என்றார். “தடி எழுத்துன்னா எங்க அண்ணன்தான்.”

அப்புறம் சொன்னார். அவருடைய அண்ணன் அவர்கள் சர்ச் சபையில் பெரிய மனுஷர். கோயிலுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் அதில் தன் பெயரைப் போட்டுவிடுவார். பெஞ்சு முதுகில், பீரோ கதவில், தண்ணீர் டிரம்மில். சீலிங் ஃபேன் இறக்கை மூன்றிலும் பெயர் இருக்கிறது. சுற்றாதபோதுதான் படிக்க முடியும், அதனால் கரண்ட் போனால் சபையார் எல்லோரும் அவரை நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாமே ஊதிப்போன தடி எழுத்து, கீழே ஒரு நிழல் வேறு.

சிஸ்டர் முப்பது வருஷத்துக்குமேல் வேலை செய்து, தன் சம்பாத்தியத்தில் சித்தூரில் ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுப் பிரதிஷ்டை. சபை ஐயர், அதாவது பாதிரியார், வந்து வாசலில் ஜெபம் செய்து கதவைத் திறப்பார். அவர்கள் பக்கத்தில் அன்றைக்கே வாசலில் பெயர் இருக்க வேண்டும், பெயரைப் பார்த்துத்தான் உள்ளே போவார்கள். தனியாக இருக்கிற பெண்பிள்ளையின் பெயரை வாசலில் போட்டால் நன்றாக இருக்காது, காலமான அப்பா, நைனா பெயர்தான் முறை என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை.

“நைனா பேர்ல கல்லே வெட்டி வச்சிக்கினு கீறாரு,” என்றார் சிஸ்டர். “சனிக்கெழம அந்தப் பள்ளம் காலியா இருந்தா அதுல கல்லு வந்து உக்காந்துக்கும்மா. அப்புறம் எடுக்க முடியாது. நைனா பேரை நானே பேத்து எடுத்தேன்னு ஆயிடும்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நோயாளியின் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மெலிசாகவே வேண்டுமானால், வெட்டாமல் பலகையிலேயே லேசரால் கீறித் தரலாம், கீறலுக்கு ஒடிகிற பயம் இல்லை என்று சொன்னேன். ஒரு துண்டில் கீறியும் காட்டினேன். அதை என்னைக் கடை வாசலில் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவர் சந்தின் எதிர்ப்பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தவர் திரும்பி வந்து, கறுப்புப் பலகைதான் தெரிகிறது, தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எழுத்து எழுந்து நிற்கட்டும் என்றார். அதுவும் சரிதான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதே எழுத்தைச் சுற்றி ஒரு எம்.எம். அவுட்லைன் போட்டேன். ஸ்கிரீனில் ஒவ்வொரு கோடும் பக்கத்துக்கு அரை எம்.எம். ஊதியது. ஒன்று இருந்த இடம் இரண்டாயிற்று. இன்னும் மெலிசாகத்தான் தெரிந்தது, ஆனால் கெஞ்சினால் நிற்கும் மெலிசு. சிஸ்டர் ஸ்கிரீனுக்குக் கிட்டே வந்து பார்த்துவிட்டு, “இது நானு,” என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்று போய்விட்டார்.

நடுவில் இருந்த இரண்டு நாளும் நான் கவலைப்பட்ட விஷயங்களைச் சொல்கிறேன். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்குமோ என்று ஐந்து தடவை அட்டையோடு ஒத்துப் பார்த்தேன். கண்ணாடி ஷீட்டில் கீறல் விழுமோ என்று அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுக்காமல் வைத்தேன். பலகையின் நாலு ஸ்க்ரூ ஓட்டையும் தூணுக்குப் பொருந்துமா என்று சிஸ்டருக்குப் போன் போட்டு அளவைத் திரும்பக் கேட்டேன். பஸ் ஸ்ட்ரைக் வருமா என்றுகூட நினைத்தேன். கவலைப்படாமல் விட்டது ஒன்றே ஒன்று. அதுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் வெட்டினேன். முன்னாடியே வெட்டி வைத்தால் எங்கேயாவது விழுந்துவிடும் என்ற பயம். மெஷின் நின்றது. மூடியைத் திறந்து முதல் எழுத்தை எடுத்தேன். கையில் வந்தது ஸ்கிரீனில் பார்த்த எழுத்து இல்லை. பழைய தலைமுடி எழுத்து. ‘ஞ’வை இரண்டு விரலால்தான் தூக்கினேன். ஒரு பாதி வந்தது, ஒரு பாதி மெஷினிலேயே இருந்தது.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அவுட்லைன் என்பது ஸ்கிரீனில் பூசிய சாயம் மாதிரி. அதை எழுத்தாகவே மாற்றி, உள்ளே இருக்கும் பழைய எழுத்தோடு சேர்த்து ஒன்றாக ஒட்டவைத்தால்தான் வெட்டுகிற கோடு வெளியே நகரும். நான் மாற்றவில்லை. லேசர், சாயத்தைப் பார்க்காமல் பழைய கோட்டின்மேலேயே போய் வந்துவிட்டது. இந்த வேலையை நூறு தடவை சரியாகச் செய்திருக்கிறேன்.

முதலாளி எம்பிராய்டரி மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தெலுங்குக்காரர், என்னிடம் பாதித் தமிழ். எட்டிப் பார்த்துவிட்டு, “மெஷினுக்கு கண்ணு லேதம்மா. நீக்கு உந்தி கதா?” என்றார். மெஷினுக்குக் கண் இல்லை, உனக்கு இருக்கிறதே என்று. திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன்.

தங்கக் கண்ணாடி ஷீட்டில் மீதி இருந்தது ஒரு பட்டை. பெயரை இன்னொரு தடவை வெட்டத்தான் இடம். புது ஷீட் திங்கட்கிழமைதான் வரும். சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பள்ளத்தில் கல் உட்காரும்.

சிஸ்டரிடம் உடைந்ததைக் காட்டினேன். வேறு யாராவது செய்த தப்பு என்று சொல்ல ஒரு வாக்கியம் வாய்வரை வந்தது. கடையில் இருந்தது நானும் முதலாளியும் மட்டும்தான் என்பதால் அதை விட்டுவிட்டு, என் தப்பு என்றேன். அவர் ‘ஞ’வின் இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தார். எலும்பு சேருமா என்று பார்ப்பது போல இருந்தது. சேராது என்று அவருக்கே தெரிந்தது.

முதலில் அவுட்லைனை ஒழுங்காக எழுத்தாக மாற்றினேன். இரண்டு எம்.எம். வந்தது. மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் வரை பஸ்ஸில் போக வேண்டும், தூணில் மாட்ட வேண்டும், அண்ணன் வேறு வருவார். இரண்டு எம்.எம்.மை நம்பிக் கடைசிப் பட்டையை வெட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாக ஊத வைத்தேன். எல்லா எழுத்தும் தாங்கும் போல ஆயிற்று, ‘ஞ’ மட்டும் உள்ளே இருக்கும் சந்து மூடிக்கொண்டு ஒரு கட்டியாக நின்றது. கோடு வெளியே மட்டுமா ஊதும், உள்ளேயும் ஊதும்.

“இது ஞாவா, வீக்கமா?” என்றார் சிஸ்டர்.

வேறு எழுத்துதான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ‘ஞ’வின் துண்டுகளை மேஜைமேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் முதலாளி சாதா அக்ரிலிக் பெட்டி ஒன்றைக் குளோரோஃபார்ம் தொட்டு ஒட்ட ஆரம்பித்திருந்தார். அந்த வாசனைக்கு சிஸ்டர் சட்டென்று தலையைத் தூக்கி, யாருக்கு ஆபரேஷன் என்று கேட்டார். முதலாளி பெட்டியைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்று சொல்லித் தானே எழுந்து திறந்தார். வந்து உட்கார்ந்தபோது கொஞ்சம் லேசாக இருந்தார்.

நான் ஃபாண்ட் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே இருந்தேன். தடி என்று அவர் கவிழ்த்து வைத்தவற்றைத் திரும்ப எடுத்து ஸ்கேலால் அளந்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். அழைப்பிதழ் எழுத்தின் தடியான இடம் நாலு எம்.எம். அதை அவர் மெலிசு என்கிறார். மெலிசு என்று அவர் கண்ணில் பட்டது பக்கத்தில் ஓடும் தலைமுடிதான். அண்ணன் எழுத்து என்று அவர் கவிழ்த்து வைத்தவற்றில் கோடு ஓர் இடத்தில் பத்து, ஓர் இடத்தில் ஆறு என்று வீங்கி வடிந்தது. அப்படியானால் எங்கேயும் வீங்காமல், எங்கேயும் மெலியாமல், பேனாவால் ஒரே அழுத்தத்தில் எழுதின மாதிரி எழுத்து ஒன்று வேண்டும். அது மூன்று எம்.எம். இருந்தாலும் தடியாகத் தெரியாது. இருக்கிற தமிழ் ஃபாண்டுகளில் அப்படி இருந்தது மூன்று. ஒன்றில் சுழிகள் அடைந்துகொண்டிருந்தன. ஒன்றில் ‘ஞ’வே வேறு எழுத்து மாதிரி இருந்தது. மூன்றாவது நல்ல வட்டமாக, சந்துகள் தாராளமாக இருந்தது. அளந்தேன். எல்லா இடமும் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே.

பிரிண்ட் எடுத்து, இந்தத் தடவை ஸ்கிரீனில் காட்டாமல், கத்தரியால் ‘ஞ’வை மட்டும் வெட்டி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை நுனியில் பிடித்துத் தூக்கினார். காகிதம் தொங்கவில்லை. பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நாங்க ஊசி நம்பர் பாத்துத்தான் எடுப்போம்,” என்றார். “நம்பர் ஏற ஏற மெலிசு. கொழந்தைக்கு மெலிசு, சரிதான். ரத்தம் ஏத்தணும்னா மெலிசு ஆவாது, ஏறாது. நான் கொழந்தைக்குப் போடுற ஊசியக் கேட்டுக்கினு இருந்திருக்கேன்.” பழைய துண்டைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணன் எழுத்து மாதிரி இல்லியே?” என்றார்.

இல்லை, அளந்துவிட்டேன் என்றேன்.

“அப்ப வெட்டு.”

வெட்டுவதற்கு முன்னால் கோடு மட்டும் தெரிகிற மாதிரி ஸ்கிரீனை மாற்றி, சாயம் எதுவும் இல்லை என்று மூன்று தடவை பார்த்தேன். முதலாளியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். பட்டை போதாமல், பெயரில் வரும் இரண்டு புள்ளிகளுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. உடைந்த பெயரில் புள்ளிகள் மட்டும் முழுசாக இருந்தன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மெஷின் நின்றது. ‘ஞ’வை நான் தொடவில்லை. சிஸ்டர்தான் எடுத்தார். நுனியில் பிடித்துத் தூக்கிக் கொஞ்சம் ஆட்டியும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

குளோரோஃபார்ம் கண்ணாடிப் பூச்சைக் கறுக்க வைத்துவிடும் என்பதால் சிலிக்கான் வைத்து ஒட்டினேன். காலை வரை படுத்தபடியே இருக்கட்டும், சாய்க்காதீர்கள் என்று சொன்னேன். அவர் பலகையைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இரண்டு கையால் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார். உட்கார்ந்த பிறகு, நாளைக்கு வந்துவிடு என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். வராமல் இருக்க என்னால் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

சனிக்கிழமை ஒன்பதுக்கெல்லாம் சித்தூரில் இருந்தேன். பலகை தூணில் ஏறியிருந்தது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். படிக்க முடிந்தது. ஒருவேளை எனக்குப் பெயர் தெரியும் என்பதால் படிக்க முடிகிறதோ என்று, தெருவில் போன ஒரு பால்காரரை நிறுத்திப் படிக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படித்தார்.

அண்ணன் ஆட்டோவில் வந்தார். கல்லும் கூட வந்தது, துணி போர்த்தி. இறங்கியவர் தூணைப் பார்த்தார். பள்ளம் காலியாக இல்லை. கிட்டே வந்து தங்கையின் பெயரைப் படித்தார். பிறகு கட்டைவிரலை ‘ஞ’வின்மேல் வைத்து அழுத்தினார். தற்செயலாக இல்லை, நன்றாகவே அழுத்தினார். நான் சிலிக்கான் காய எத்தனை மணி நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்பதாவதிலேயே வராத கணக்கு அப்போது மட்டும் எப்படி வரும். எழுத்து அசையவில்லை. விரலை எடுத்தார். கண்ணாடியில் அவர் ரேகை மட்டும் இருந்தது.

“பேரு சின்னதா கீதே,” என்றார்.

“வீடும் சின்னதுதாண்ணா,” என்றார் சிஸ்டர். முந்தானையால் அந்த ரேகையைத் துடைத்தார். “நைனா கல்ல உள்ள கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க. ஹால்ல போட்டோக்குக் கீழ எடம் விட்டுக்கினுதான் வச்சிருக்கேன்.”

அண்ணன் ஆட்டோவில் இருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஐயர் வந்துவிட்டார். அவர் வாசலில் நின்று பெயரை வாய்விட்டுப் படித்தார், கதவைத் திறந்தார், எல்லோரும் உள்ளே போனார்கள். கல்லை ஆட்டோக்காரரும் அண்ணனும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். துணி விலகி எழுத்து தெரிந்தது, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம், நிழலோடு. ஒடிகிற பயம் இல்லாத எழுத்து, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கப்புறம் சித்தூர்ப் பக்கம் வேலை வந்தால் அந்தத் தெரு வழியாகப் போய் வருவேன். உள்ளே போவதில்லை, போனால் காபி குடிக்காமல் விடமாட்டார். எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பேன். இரண்டு புள்ளியும் மற்ற எழுத்துக்குக் கொஞ்சம் சின்னது, பழைய ஃபாண்டின் புள்ளி. இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கோடை வெயிலில் சிலிக்கான் இளகும் என்று யாரோ சொன்னதால் போன வாரமும் போனேன். எழுத்தை எண்ணினேன், புள்ளியை எண்ணினேன். எல்லாம் இருந்தது. பஸ்ஸில் திருப்பதி வந்து ஊருக்கு ரயில் ஏறினேன். ரேணிகுண்டா தாண்டும்போது, புள்ளியை ஒன்றுதான் எண்ணினேனோ என்று சந்தேகம் வந்தது.